படித்தேன் என்பதற்கு ஒரு கட்டைவிரல்

வியாழக்கிழமை சாயங்காலம் விவேக் நகருக்குள் வர எந்த ஆட்டோக்காரரும் சம்மதிக்க மாட்டார். அன்று கிறிஸ்தவக் கோயிலில் நவநாள் ஜெபம், கூட்டம் தாங்காது. மெழுகுவத்திக் கடையும் பூக்கடையும் எங்கள் தெருமுனை வரை வந்துவிடும். அதனால் வியாழக்கிழமைகளில் நான் வீட்டிலிருந்தே வேலை செய்வேன். படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கோயில் மைக் லேசாகத்தான் கேட்கும். அந்த அறையில் உட்கார்ந்துதான் நான்கு ஊர்க்காரர்கள் முன்னால் என் மானம் போயிற்று.

என் டீம் நான்கு ஊர்களில் இருக்கிறது. பெங்களூரில் நானும், பொம்மசந்திரா பக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணும். மணிலாவில் ஒருவர், மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. போலந்தில் ஒருவர், எங்களில் அனுபவம் அதிகமுள்ள பொறியாளர். பிரேசிலில் ஒருத்தி. மணிலாக்காரர் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவும் நேரத்தில்தான் பிரேசில்காரி காலைக் காப்பியோடு கணினி முன்னால் வந்து உட்காருவாள். எல்லோரும் ஒரே சமயத்தில் வேலையில் இருப்பது, நம் கணக்கில் மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரைதான். அதற்குப் பொது நேரம் என்று பெயர் வைத்திருக்கிறோம். திங்களும் வியாழனும் அந்த நேரத்தில் எல்லோரும் திரையில் கூடுவோம். மற்ற நாட்களில் வேலை இருப்பவர்கள் மட்டும் பேசிக்கொள்வார்கள்.

மீதி எல்லாம் எழுத்துதான். அவரவர் நாள் முடியும்போது அவரவர் குறிப்பை எழுதிப் பொதுவில் போட்டுவிட வேண்டும். என்ன முடிந்தது, எது நின்று போயிருக்கிறது, அடுத்தவர் எதை எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் மேலே முதல் வரியில், 'இன்று நான் எப்படி இருக்கிறேன்' என்றும் எழுத வேண்டும். அந்த முதல் வரி என் யோசனை. தூரத்தில் இருக்கிறவர்களின் முகத்தைத்தான் நேரில் பார்க்க முடியவில்லை, மனதையாவது பார்ப்போம் என்று பெரிதாகப் பேசி அதைக் கொண்டுவந்தேன்.

சட்டங்களும் நான் போட்டவைதான். எழுதாதது நடக்காதது. எழுதிய ஒன்றைத் தனிச் செய்தியில் மறுபடியும் கேட்டு நச்சரிக்கக் கூடாது. ஒருமுறை போலந்துக்காரரே அப்படிக் கேட்டுவிட்டார் என்று, "குறிப்பில் இருந்தால் நான் பார்ப்பேன், என்னை நம்புங்கள்" என்று கொஞ்சம் முறைப்பாகவே பதில் எழுதினேன். மூன்றாவது சட்டம், படித்தவர்கள் குறிப்பின் அடியில் உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்றைப் போட வேண்டும். மற்றவர்கள் போட்டால் படித்தாயிற்று என்று அர்த்தம். நான் போட்டால், படித்தாயிற்று, அதில் நான் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

இது நன்றாக ஓடியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வேறு டீம்களின் மேலாளர்கள் எங்களைப் பார்க்க வந்தார்கள். ஒரு நாள் ஆபீசில் எல்லோரையும் உட்கார வைத்து என்னைப் பேசவும் சொன்னார்கள். எழுதுவது மரியாதை, படிப்பது அதைவிட மரியாதை என்று பேசிக் கைதட்டு வாங்கினேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுமாம். நான் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, சிவாஜிநகரில், ஆட்டுக்கறிக் கடையில்.

அன்று என் நாத்தனார் குடும்பம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. காலையிலேயே போய் வரிசையில் நின்றேன். முந்தின நாள் ராத்திரி வந்த குறிப்புகள் எல்லாம் போனில் காத்துக்கொண்டிருந்தன. ஒரு கையில் பை, ஒரு கையில் போன். படிக்கத்தான் ஆரம்பித்தேன். பிரேசில்காரியின் குறிப்பில் பாதி போயிருப்பேன், கடைக்காரர் கத்தியைத் தட்டினார்.

"எக்கா, நெஞ்சா, தொடையா? பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க பாருங்க."

"நெஞ்சு அரை கிலோ, தொடை ஒரு கிலோ. கொழுப்பை எடுத்துடுங்க பாய்."

"கொழுப்பில்லாம நெஞ்செலும்பு எங்கக்கா கெடைக்கும்?"

இந்தச் சண்டை நடக்கும்போதே என் கட்டைவிரல் திரையில் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் ஒரு தட்டு. எல்லோருக்கும் விரல் போட்டாயிற்று. ராத்திரி நிதானமாகப் படித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் விரல் விழுந்த குறிப்பு, படிக்க வேண்டியவற்றின் வரிசையிலிருந்து போய்விடும். அதை மறுபடி தேடிப் போய்ப் படிக்கும் வழக்கம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. அன்று முதல் முறையும் இல்லை. ஆட்டோவில், லிஃப்டில், பிள்ளையின் பள்ளி வாசலில் என்று சில மாதங்களாகவே என் விரல் என் கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. புதன்கிழமைக் குறிப்புகளுக்கும் அதே கதிதான். குழம்பு மட்டும் அன்றைக்கு நன்றாக வந்திருந்தது.

அந்த வியாழக்கிழமை எங்களுக்குப் பெரிய நாள். ஆஸ்திரேலியாவில் கடைகள் நடத்தும் ஒரு வாடிக்கையாளரின் மொத்தத் தரவையும் பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு மாற்ற வேண்டும். அவர்கள் கடை மூடிய பிறகுதான் தொட முடியும். அவர்களின் இரவு போலந்தின் மதியம், நமக்குச் சாயங்காலம். தேதியை மாற்ற வழியில்லை. வாடிக்கையாளரின் கடைகளுக்கெல்லாம் சொல்லியாயிற்று. வேலை போலந்துக்காரருடையது. அந்தத் தரவைத் தொட இரண்டே பேருக்குத்தான் அனுமதி தருவார்கள். அவர் ஒருவர். தேவைப்பட்டால் இரண்டாவது ஆள் நான்.

ஐந்தரைக்குத் திரையில் எல்லோரும் வந்தோம். போலந்துக்காரர் மட்டும் வழக்கமான புத்தக அலமாரிக்கு முன்னால் இல்லை. பின்னால் வெளிர் பச்சைச் சுவர், நீளமான நடைபாதை. மடியில் கணினியை வைத்திருந்தார் போலிருக்கிறது, முகம் கீழிருந்து மேலாகத் தெரிந்தது. நான் நல்ல உற்சாகத்தில் இருந்தேன். எங்கள் பேச்சு ஆங்கிலம்தான். நான் சொன்னதைத் தமிழில் எழுதவும் கூசுகிறது.

"என்ன, இன்னிக்குப் புது ஆபீசா? பெயிண்ட் அடிச்சவங்களை நம்ம வீட்டுக்கும் அனுப்புங்க."

யாரும் சிரிக்கவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. பிரேசில்காரி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். மணிலாக்காரர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பொம்மசந்திராப் பெண் தனியாக எனக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினாள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள். 'அக்கா, அவங்க அப்பாவுக்கு இன்னிக்கு ஹார்ட் ஆபரேஷன். திங்கக்கிழமை எழுதியிருந்தாரே. நீங்க பாத்தீங்கல்ல?'

எல்லோர் முன்னாலும் திங்கட்கிழமைக் குறிப்பைத் திறந்தேன். முதல் வரி, 'இன்று நான் நன்றாக இல்லை.' அதற்குக் கீழே அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: கூட்டம் முடிந்த பிறகு மருத்துவமனையிலிருந்து தேதி வந்தது, வியாழன் மதியம். அப்பாவை உள்ளே கொண்டுபோகும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கிறார். மாற்றும் வேலையை மேலாளர் எடுத்துக்கொள்ள முடியுமா? உங்களுக்கான அனுமதி அழைப்பை அனுப்பிவிட்டேன், நாளைக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும். படிகள் எல்லாவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன். முடியாவிட்டால் சொல்லுங்கள், நானே மருத்துவமனையிலிருந்து செய்கிறேன்.

அதன் அடியில் நான்கு கட்டைவிரல்கள். அதில் ஒன்று என்னுடையது.

பதில் ஒன்றும் இல்லை. ஏன் இருக்கும்? மேலாளரின் விரல் விழுந்துவிட்டது, அவள் பார்த்துக்கொள்வாள் என்று மற்ற மூன்று பேரும் விட்டுவிட்டார்கள். விரல் இருக்கிறது, ஆனால் அழைப்பை ஏற்கவில்லை, ஒரு வார்த்தையும் வரவில்லை, அப்படியானால் நம்மையே செய்யச் சொல்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். மறுபடி கேட்டிருக்கலாமே என்றால், கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான். ஒரு ஓட்டைகூட இல்லாமல் நான் கட்டிய ஏற்பாடு அது.

"நான் எடுத்துக்கிறேன். இப்பவே. நீங்க போங்க," என்றேன்.

"நகல் எடுப்பது ஓடிக்கொண்டிருக்கிறது," என்றார். குரலில் கோபமே இல்லை. "அது தானாக முடியும். அதற்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் புதிய இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும். ஆனால் நீங்கள் உள்ளே வர முடியாது. அழைப்பு காலாவதியாகிவிட்டது. மறுபடி அனுப்புகிறேன்."

மறுபடி அனுப்ப அவர் வேறொரு பக்கத்துக்குள் போக வேண்டும். அதற்கு அவர் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும், அதைப் போட வேண்டும். போன் அவருடைய தங்கையிடம் இருந்தது, தங்கை அப்பாவின் அறையில். ஒரு நர்ஸிடம் சொல்லியனுப்பிப் போனை வாங்கினார். மருத்துவமனைக்குள் சிக்னல் விட்டு விட்டு வந்தது. முதல் எண் தாமதமாக வந்து செல்லாமல் போயிற்று. இரண்டாவது எண்ணுக்குக் காத்திருந்தோம். நான் என் மேஜை முன்னால் கையைப் பிசைந்துகொண்டு, அந்த அழைப்பு வரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை அதை ஏற்றுக்கொள்ள ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

அப்போது நடைபாதையின் கடைசியில் ஒரு கதவு திறந்தது. சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கொண்டுவந்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. கூடவே ஒரு பெண் நடந்து வந்தாள், தங்கையாக இருக்கும். கட்டில் அவர் முதுகுக்குப் பின்னால் நெருங்கி வந்ததை, அவர் பார்ப்பதற்கு முன்பே நாங்கள் பார்த்துவிட்டோம். பிரேசில்காரி அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அவர் திரும்பி, கணினியைக் கையில் பிடித்தபடியே எழுந்தார். எங்களுக்கு விட்டம் தெரிந்தது, விளக்குகள் தெரிந்தன, கட்டிலின் கம்பி தெரிந்தது. ஒரு வயதானவரின் கை கம்பிக்கு மேலே உயர்ந்திருந்தது. அந்தப் பெரியவர் தங்கள் மொழியில் என்னவோ கேட்டார். இவர் என்னவோ சொன்னார். கணினியை எங்கே வைப்பது என்று தெரியாமல் இவர் ஒரு கையால் அந்தக் கையைத் தொட்டார். கட்டில் நிற்கவில்லை. இன்னொரு கதவு திறந்து மூடியது.

மறுபடி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"எண் வந்துவிட்டது. அழைப்பு அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததா?"

கிடைத்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். பொம்மசந்திராப் பெண்தான் எனக்காகச் சொன்னாள். அவர் நன்றி சொல்லிவிட்டுத் திரையை மூடினார். நன்றி எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிறகு வேலையை நான் செய்தேன். அதுவும் அழகாக ஒன்றும் செய்யவில்லை. ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒரு பட்டியலில் மட்டும் பழைய எண்ணிக்கையும் புதிய எண்ணிக்கையும் ஒத்துவரவில்லை. "ஐயோ, தரவு போயிடுச்சு, நிறுத்துங்க, பழையபடி திருப்பணும்" என்று பதறிவிட்டேன். மணிலாக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அது குறிப்பிலேயே இருக்கிறது. ரத்தான ஆர்டர்களை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார், அதனால் குறையும், பயப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்." அவர் ஊரில் எல்லோரும் தூங்கப் போகும் நேரம் அது. அவர் அந்தக் குறிப்பை வரிவரியாகப் படித்திருந்தார். பிரேசில்காரியும் படித்திருந்தாள். பொம்மசந்திராப் பெண், கம்பெனி பஸ்ஸில் போகும்போது நின்றுகொண்டே படித்ததாகப் பிறகு சொன்னாள். படிக்காதவள் டீமில் ஒருத்திதான், அவள்தான் கட்டிடம் அதிர வாசிப்பைப் பற்றிப் பேசிக் கைதட்டு வாங்கியவள்.

எல்லாம் சரியாக மாறி முடிந்த பிறகு ஹெட்செட்டைக் கழற்றினேன். கோயிலில் கடைசிப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். பொம்மசந்திராப் பெண் போன் செய்தாள்.

"அக்கா, பேஜார் பண்ணிக்காதீங்க. எங்களுக்கும் தப்பு இருக்கு. ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். நீங்க விரல் போட்டிருந்தீங்களா, அதான் சும்மா இருந்துட்டோம்."

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். கடைசி வாக்கியம்தான் உள்ளே போய்த் தைத்தது.

என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே முழுவதையும் கேட்டார்.

"இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு? எனக்கும் அதானே நடக்குது. வரும்போது பால் வாங்கிட்டு வான்னு மெசேஜ் போட்டா கட்டைவிரல் வருது, பால் வரல. எங்க மாமா தவறிட்டாருன்னு சொந்தக்காரங்க குரூப்ல போட்டதுக்கும் நீ அதைத்தான் போட்டே. எங்க அக்கா எங்கிட்டதான் கேட்டா, என்னடா உன் பொண்டாட்டிக்கு அவ்ளோ சந்தோஷமான்னு."

"அதை ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னேனே. மெசேஜ் போட்டேன். அதுக்கும் விரல் போட்டே."

வேறு நாளாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன். நான் கோபக்காரி, தப்பு என் பக்கம் இருந்தாலும் முதலில் எதிராளியின் குரலைத்தான் குறை சொல்வேன். குறை சொல்ல அன்று யாரும் அகப்படவில்லை. இன்னும் மூடாத கடையில் ஒரு மெழுகுவத்தி வாங்கிக் கோயிலில் ஏற்றிவிட்டு வரலாமா என்று தோன்றியது. முகம் தெரியாத ஒரு பெரியவருக்காக வேண்டிக்கொள்ளத் தடையில்லை. ஆனால் நான் வேண்டப் போவது அவருக்காகவா, என் மானத்துக்காகவா என்று தெரியவில்லை. போகாமல் விட்டுவிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் அவர் விடுப்பில்தான் இருந்தார். ஆனாலும் குறிப்பு எழுதியிருந்தார். 'இன்று நான் நிம்மதியாக இருக்கிறேன். அப்பா கண் திறந்தார். வேலையை முடித்துக் கொடுத்த எல்லோருக்கும் நன்றி.' உள்ளே போவதற்கு முன்னால் அப்பா கம்பிக்கு மேல் கையைத் தூக்கி என்ன கேட்டார் என்பதையும் பிரேசில்காரியிடம் சொல்லியிருக்கிறார். அவள்தான் எங்களுக்குச் சொன்னாள். 'வேலை முடிந்துவிட்டதா?' என்று கேட்டாராம். 'இல்லை அப்பா' என்றாராம் இவர்.

நல்லபடியாக முடிந்ததே, இனி என்ன என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. அந்தக் கட்டில் திரும்பி வந்தது அவர்கள் அதிர்ஷ்டம். அதில் என் பங்கு ஒன்றும் இல்லை. வராமல் போயிருந்தால், 'இல்லை அப்பா' என்பதுதான் கடைசிப் பேச்சாக இருந்திருக்கும்.

அந்தச் சனி, ஞாயிறு முழுவதும் ஒரு குறிப்பு எழுதினேன். தனியாக அனுப்பினால் அவமானம் குறையும் என்பதால் வேண்டுமென்றே எல்லோரும் பார்க்கும் இடத்தில் போட்டேன். முதல் வரியில், 'இன்று நான் வெட்கப்படுகிறேன்' என்று எழுதினேன். உங்கள் குறிப்பைப் படிக்காமல் விரல் போட்டேன், பல மாதங்களாகவே அப்படித்தான் செய்துவருகிறேன் என்று எழுதினேன். நச்சரிக்கக் கூடாது என்ற சட்டத்தை எடுத்துவிட்டேன். யாராவது எதையாவது கேட்டிருந்தால் இனி விரல் செல்லாது, வாக்கியத்தில்தான் பதில் வர வேண்டும், முதல் ஆளாக நான் அப்படிச் செய்கிறேன் என்று எழுதினேன். உங்கள் அப்பாவின் பக்கத்தில் நீங்கள் இருந்திருக்க வேண்டிய நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன், அதைத் திருப்பித் தர எனக்கு வழியில்லை என்று முடித்தேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். பொடி எழுத்தில் திரை நிறைய வந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் அவருக்கு விடிந்திருக்கும். போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மணிலாக்காரர் இரண்டு வாக்கியம் எழுதினார். பொம்மசந்திராப் பெண் ஒரு பத்தியே எழுதினாள். பிரேசில்காரி விழித்ததும் எழுதினாள். அவள் கொஞ்சம் திட்டியும் எழுதினாள், அது எனக்குப் பிடித்திருந்தது. பொது நேரத்தில் போலந்துக்காரர் பழைய புத்தக அலமாரிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். எல்லோரிடமும் போலவே என்னிடமும் பேசினார், வேலையைப் பற்றி.

கூட்டம் முடிந்ததும் என் குறிப்பைப் போய்ப் பார்த்தேன். அவரிடமிருந்து பதில் வந்திருந்தது.

ஒரு கட்டைவிரல்.